அம்மாவின் பாஸ்புக்கை யார் கையில் கொடுப்பது? தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் கடைகளிலும் கட்டட வேலைகளிலும், குவைத்திலும் சவூதியிலும் வீடுகளிலும் வேலை செய்கிற தோட்டத்துத் தம்பி தங்கச்சிமாருக்கு,

ஹட்டன் பக்கத்து வங்கிக் கிளையொன்றில் பல வருடங்கள் கவுண்டருக்கு உள்ளே இருந்து வேலை செய்தவன் நான். அங்கே அடிக்கடி பார்த்த ஒரு காட்சிதான் இந்த மடலை எழுத வைத்தது. வயதான தாயை லயத்திலிருந்து பாதைவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து, ஆட்டோவில் ஏற்றி, பள்ளமும் மேடுமான தோட்டத்து வழியில் டவுனுக்குக் கொண்டுவருவார்கள். வங்கி வாசல் படியில் மறுபடியும் தூக்குவார்கள். இவ்வளவும் அவர் ஒரு படிவத்தில் நடுங்கும் கையால் கையெழுத்து வைத்து, தன் சொந்தக் காசில் ஐயாயிரமோ பத்தாயிரமோ எடுப்பதற்காக. அந்தக் கையெழுத்தும் பழைய கையெழுத்தோடு ஒத்துவராமல் போய், காசு எடுக்காமலே திரும்பியவர்கள் இருக்கிறார்கள்.

இதில் பெரும்பாலானவை நடந்திருக்கத் தேவையில்லை. அம்மா தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே, நம்பிக்கையான ஒருவருக்கு அந்தக் கணக்கை இயக்கும் அதிகாரத்தை எழுத்தில் கொடுத்திருந்தால் போதும். அதை எப்படிச் செய்வது, எந்தக் காகிதம் எதற்கு உதவும், எது உதவாது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் பலரும் இப்போது செய்துகொண்டிருப்பதைப் பற்றிப் பேசிவிடுகிறேன். அம்மாவின் ஏ.டி.எம். கார்டு அண்ணன் கையிலோ பேரன் கையிலோ இருக்கிறது. பின் நம்பர் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாதம் ஒருதடவை யாராவது டவுனுக்குப் போய் எடுத்துவருகிறார்கள். அவசரத்துக்கு உதவுகிறது என்பது உண்மைதான். ஆனால் இது அதிகாரம் ஆகாது. கார்டை வாங்கும்போது ஏற்றுக்கொள்ளும் நிபந்தனைகளின்படி பின் நம்பரை யாரிடமும் சொல்லக்கூடாது. சொல்லிவிட்ட பிறகு காசு காணாமற்போனால் வங்கி பொறுப்பேற்காது. எடுத்தது யார், எவ்வளவு, அம்மாவுக்குத் தெரிந்தா தெரியாமலா என்று பிறகு சகோதரர்களுக்குள் கேள்வி வந்தால், காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது. கார்டு காலாவதியானாலோ இயந்திரம் அதை விழுங்கிக்கொண்டாலோ, புதியதைப் பெற அம்மாவே வரவேண்டும் என்பார்கள். எல்லாவற்றிலும் மோசமானது, அம்மா இறந்த பிறகும் அந்தக் கார்டைப் பாவித்துக் காசு எடுப்பது. மரணச் செலவுக்குத்தானே என்று நினைத்து எடுத்தவர்கள், மற்ற வாரிசுகளின் புகாரால் பொலிஸ் நிலையத்தில் நின்றிருக்கிறார்கள்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். உங்களில் பலருடைய குடும்பம் இப்படித்தான் இருக்கும். போகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மேல் டிவிசனில் 72 வயது அம்மா. முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். மூத்த மகன் கொழும்பில், நடு மகள் குவைத்தில், இளைய மகள் அதே லயத்தில் அம்மாவுடன். பீலிக்குப் போன இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இனி நடப்பது கடினம். ஆனால் புத்தி தெளிவு. எந்த வருடம் எந்த மலையில் எந்தக் கங்காணியின் கீழ் வேலை செய்தார் என்பதை இன்றைக்கும் சொல்வார்.

அவருடைய காசு சின்னக் காசும் இல்லை. தோட்டத் தொழிலாளிக்கு 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் கிடைக்கவேண்டும். கடைசி நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், முப்பது வருடத்துக்கு 4,20,000 ரூபா. இதற்கு மேல் ஈ.பி.எப். காசு. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதைப் பெறலாம். இந்த அம்மா அதில் ஐந்து இலட்சத்தை நிலையான வைப்பில் போட்டிருக்கிறார். மாத வட்டி சேமிப்புக் கணக்கில் விழுகிறது. குவைத்து மகள் அனுப்பும் காசும் அதே சேமிப்புக் கணக்குக்குத்தான் வருகிறது. மருந்து, ஆட்டோக் கூலி, பால்மா, பேரப்பிள்ளைகளின் கொப்பி எல்லாம் அதிலிருந்துதான்.

இப்போது இளைய மகள் அந்தச் சேமிப்புக் கணக்கிலிருந்து காசு எடுக்கவேண்டும். மூன்று வழிகள் அவள் காதில் விழும். பக்கத்துக் காம்பராக்காரர் "கூட்டுக் கணக்காக மாற்றிவிடு" என்பார். டவுனில் ஒருவர் "அற்றோணி எழுது" என்பார். வங்கியில் ஒருவர் "அதிகாரக் கடிதம் கொடுங்கள்" என்பார். மூன்றும் ஒரே வேலையைச் செய்வதுபோலத் தோன்றும். உண்மையில் அவை வெவ்வேறு.

கூட்டுக் கணக்கில் மகளும் கணக்குக்குச் சொந்தக்காரி ஆகிறாள். இருவரில் எவரும் இயக்கலாம் என்று எழுதியிருந்தால், அவள் முழுக் காசையும் ஒரே நாளில் எடுத்தாலும் வங்கி தடுக்காது. அம்மா இறந்த பிறகு, அந்தக் காசு இளையவளுக்கா மூன்று பிள்ளைகளுக்குமா என்ற வழக்கு அந்த ஒரு படிவத்திலிருந்தே முளைக்கும். இயக்குவதற்கு ஆள் வேண்டும் என்பதற்காகச் சொந்தத்தையே பங்குபோடுவது தேவைக்கு மீறிய செயல். அம்மா உண்மையிலேயே அந்தக் காசை அவளுக்குக் கொடுக்க நினைத்தால் அது வேறு கதை. அப்படியானால் அதை மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டுச் செய்யட்டும்.

பின்னுரித்தாளி நியமனத்தையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். "என் பேரைத்தானே அம்மா போட்டிருக்கிறாங்க, ஏன் எனக்குக் காசு தரமாட்டேன் என்கிறீங்க?" என்று கவுண்டரில் சண்டை பிடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பின்னுரித்தாளிக்கு அம்மா உயிரோடு இருக்கும்வரை ஒரு சதமும் எடுக்க உரிமை இல்லை. அந்த நியமனம் மரணத்துக்குப் பின்னர்தான் வேலை செய்யும்.

அற்றோணித் தத்துவம் நொத்தாரிஸ் முன்னிலையில் எழுதும் முழுமையான சட்டப் பத்திரம். இதற்கான கட்டளைச் சட்டம் 1902 இல் வந்தது. மோசடிகள் கூடியதால் 2022 இல் திருத்தம் கொண்டுவந்து விதிகளை இறுக்கினார்கள். பதிவாளர் நாயகத்தின் திணைக்களத்தில் அதைப் பதிவுசெய்யவேண்டும். பல வங்கிகளில் கணக்கு, ஊரில் காணி, நீதிமன்றத்தில் வழக்கு என்று அம்மாவின் சார்பில் பல இடங்களில் நிற்கவேண்டி இருந்தால் இது தேவைதான். ஒரே ஒரு சேமிப்புக் கணக்குக்காக என்றால் செலவும் அலைச்சலும் அதிகம். அதைவிடப் பெரிய ஆபத்து, பொது அற்றோணி என்று அச்சடித்த மாதிரியை வைத்துக்கொண்டு எழுதுவது. அதில் சொத்தை விற்க, அடகு வைக்க, கடன் வாங்க என்று எல்லா அதிகாரமும் வரிசையாக இருக்கும். வாசிக்கத் தெரியாத அம்மா கைநாட்டு வைத்துவிடுவார். எழுதத்தான் வேண்டும் என்றால், இந்த வங்கியில் இந்த இலக்கக் கணக்கு, காசு எடுக்க மட்டும் என்று விசேட அற்றோணியாக எழுதச் சொல்லுங்கள்.

நம் கதையிலுள்ள அம்மாவுக்குப் போதுமானது மூன்றாவதுதான். கணக்குக்காரர் தன் வங்கிக்கே எழுதிக்கொடுக்கும் அதிகாரக் கடிதம். கணக்கு அம்மாவின் பெயரிலேயே இருக்கும். காசு அம்மாவுடையதாகவே இருக்கும். மகள் அவருக்காக இயக்குவாள். அம்மா விரும்பும் நாளில் ஒரு கடிதம் எழுதி அதை நிறுத்தலாம். இதற்கான படிவம் ஒவ்வொரு வங்கியிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். சில வங்கிகள் இந்த வழியை ஏற்காமல் அற்றோணியே வேண்டும் என்று சொல்லவும் கூடும். ஆகவே வெள்ளைத்தாளில் நீங்களே எழுதிக்கொண்டு போவதற்கு முன் கிளையில் கேளுங்கள்.

யாரிடம், எப்படிக் கேட்பது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. சம்பள நாளிலும் உதவித்தொகை விழும் நாட்களிலும் கவுண்டரில் போய்க் கேட்டால், பின்னால் ஐம்பது பேர் நிற்கும்போது காசாளர் "ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்ற ஒரே பதிலைத்தான் சொல்வார். கூட்டமில்லாத நாளில் முகாமையாளரையோ இரண்டாம் நிலை அதிகாரியையோ பாருங்கள். "கணக்குக்காரருக்கு எழுந்து வர முடியாது, ஆனால் புத்தி தெளிவு. மகளுக்கு அதிகாரம் கொடுக்க விரும்புகிறார். உங்கள் படிவம் எது? உங்கள் அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பாரா? வர முடியாது என்றால் யார் முன்னால் வைத்த கையெழுத்தை ஏற்பீர்கள்?" நிலைமையைச் சொல்லிவிட்டு, இந்த மூன்று கேள்விகளையும் இந்த வரிசையில் கேளுங்கள். சில கிளைகள் அதிகாரியை அனுப்பும். சில கிளைகள் நொத்தாரிஸ், சமாதான நீதவான், அரச வைத்தியர் போன்ற ஒருவர் முன்னிலையில் வைத்த கையெழுத்தை ஏற்கும். எது என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து, சொன்னவரின் பதவியையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை வேறொரு அதிகாரி இருந்து வேறொன்றைச் சொன்னால் அந்தக் குறிப்பு உதவும்.

அடுத்தது வைத்தியச் சான்றிதழ். இதில்தான் பலரும் தவறவிடுகிறார்கள். "இன்னார் நோயாளி, நடக்க முடியாது" என்று மட்டும் எழுதிய சான்றிதழ் பாதிதான். வங்கிக்கு இரண்டு விஷயம் தெரியவேண்டும். உடல் நிலையால் வங்கிக்கு வர முடியாது என்பது ஒன்று. தான் என்ன செய்கிறோம் என்பதை விளங்கிக்கொள்ளும் நிலையில் இருக்கிறார் என்பது மற்றது. இரண்டாவது இல்லாவிட்டால், "சுயநினைவோடுதான் கொடுத்தாரா?" என்ற சந்தேகத்தில் அதிகாரி படிவத்தை ஓரமாக வைத்துவிடுவார். தோட்டத்து டிஸ்பென்சரியில் இருக்கும் மருத்துவ உதவியாளரின் துண்டுச்சீட்டு பெரும்பாலும் போதாது. டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ வேறு அரச வைத்தியசாலைக்கோ கிளினிக் போகும்போது, பதிவுசெய்த வைத்தியரிடம் இந்த இரண்டு வரியையும் கேளுங்கள். உண்மையாக இருந்தால் அவர் எழுதித் தருவார். அம்மாவுக்கு மறதி நோய் தொடங்கிவிட்டது என்று வைத்தியர் சொன்னால், வேறொருவரிடம் போய்ப் பொய்ச் சான்றிதழ் வாங்காதீர்கள். அப்போது வழி வேறு. அதைக் கீழே சொல்கிறேன்.

பெயரை இப்போதே சரிபாருங்கள். நம் பெரியவர்களின் பெயர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். செக்ரோலில் கிளாக்கர் எழுதியது ஒன்று, ஈ.பி.எப். அட்டையில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக நின்ற தலைமுறை அது. 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை பலரிடம் ஒழுங்கான காகிதமே இருக்கவில்லை. ஓரிடத்தில் "லெட்சுமி", இன்னோரிடத்தில் "லட்சுமி", முன்னெழுத்து ஒன்றில் தகப்பன், ஒன்றில் புருஷன். பாஸ்புக்கிலுள்ள பெயரும் அடையாள அட்டைப் பெயரும் வேறுபட்டால், இருவரும் ஒருவரே என்று ஒரு சத்தியக்கடதாசியை அதிகாரக் கடிதத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். கிராம உத்தியோகத்தரின் சான்றிதழும் கேட்கப்படலாம். இதைப் பின்னுக்குத் தள்ளினால், அதிகாரி வீட்டுக்கு வந்து எல்லாம் முடிந்த பிறகு படிவம் திரும்பி வரும்.

மகளின் அடையாள அட்டையையும் விலாசச் சான்றையும் ஏன் கேட்கிறார்கள் என்று சிலர் கோபப்படுவார்கள். 2006 ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டமும் அதன் கீழ் 2016 இல் வந்த விதிகளும், ஒருவருக்காக இன்னொருவர் கணக்கை இயக்கினால் அந்த இன்னொருவரையும் வங்கி அடையாளம் கண்டுகொள்ளவேண்டும் என்கின்றன. லயத்தில் தண்ணீர் பில்லோ மின்சார பில்லோ உங்கள் பெயரில் இருக்காது. கடிதமெல்லாம் தோட்டத்து ஒபிசுக்குத்தான் வரும். ஆகவே கிராம உத்தியோகத்தர் தரும் வதிவிடச் சான்றிதழை, பிரதேச செயலாளரின் மேலொப்பத்தோடு, முன்கூட்டியே எடுத்துவையுங்கள்.

கடிதத்தில் என்ன எழுதுவது? நம் அம்மாவுக்கு நான் எழுதிக்கொடுப்பதாக இருந்தால் இப்படித்தான் எழுதுவேன்: "எனது இந்த இலக்கச் சேமிப்புக் கணக்கிலிருந்து மாதமொன்றுக்கு 25,000 ரூபாவுக்கு மேற்படாமல் காசு எடுக்கவும், காசு வைப்பிடவும், பாஸ்புக்கில் பதிவுபோடவும், இந்த அடையாள அட்டை இலக்கமுடைய என் மகளுக்கு அதிகாரம் அளிக்கிறேன். கணக்கை மூடவோ, கடன் பெறவோ, கார்டு பெறவோ, பின்னுரித்தாளியை மாற்றவோ, எனது நிலையான வைப்பைத் தொடவோ அவருக்கு அதிகாரம் இல்லை. இது இந்தத் திகதியிலிருந்து ஒரு வருடத்துக்கு அல்லது நான் எழுத்தில் நிறுத்தும்வரை செல்லுபடியாகும்." வங்கியின் அச்சுப் படிவத்தில் இந்த எல்லைகளுக்கு இடம் இல்லாவிட்டால், "விசேட அறிவுறுத்தல்" என்று தனித்தாளில் எழுதி இணைத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கு வங்கியின் முத்திரையை வாங்குங்கள். மாத எல்லையைக் கணினியில் போட முடியாது என்று கிளை சொன்னால், அதையும் தெரிந்துகொண்டே கையெழுத்து வைக்கட்டும்.

நிலையான வைப்பைத் தொடக்கூடாது என்ற வரியை நான் வற்புறுத்துவேன். சேமிப்புக் கணக்கில் முறைகேடு நடந்தால் போவது ஒரு மாதச் செலவு. நிலையான வைப்பைப் பிணைவைத்துக் கடன் எடுத்தால், முப்பது வருடம் மலை ஏறி இறங்கியதன் முழுப் பலனும் போய்விடும். ஊரில் நடக்கும் முறைகேடுகளில் மோசமானது இதுதான். பெருந்தொகையை நிலையான வைப்பில் பூட்டி, மாதச் செலவு மட்டும் சேமிப்புக் கணக்கில் நிற்குமாறு பிரித்துவிட்டு, சேமிப்புக் கணக்குக்கு மட்டும் அதிகாரம் கொடுங்கள்.

அதிகாரி வரும் நாள். வீட்டில் அன்று கூட்டம் வேண்டாம். அதிகாரி அம்மாவிடம் நேரடியாகக் கேட்பார்: இது என்ன காகிதம், யாருக்கு அதிகாரம் கொடுக்கிறீர்கள், ஏன் அவளுக்கு, எவ்வளவு எடுக்கலாம். பதிலை மகள் சொல்லக்கூடாது. அம்மா சொல்லவேண்டும். நல்ல அதிகாரி மகளைக் கொஞ்சநேரம் வெளியே நிற்கச் சொல்வார். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிற்காலத்தில் "அம்மாவை வற்புறுத்தி எழுதவைத்தாள்" என்று அண்ணன் சொன்னால், இளையவளைக் காப்பாற்றப்போவது அந்த அதிகாரியின் குறிப்புத்தான். படிவம் தமிழில் இருக்கவேண்டும், அல்லது தமிழில் வாசித்து விளங்கப்படுத்தவேண்டும். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

கையெழுத்தா கைநாட்டா என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள். அம்மாவின் கை நடுங்கத் தொடங்கியிருந்தால், பழைய கையெழுத்தைக் கஷ்டப்பட்டு வைக்கவைத்து ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பப்படுவதைவிட, அதிகாரி முன்னிலையிலேயே புதிய மாதிரிக் கையெழுத்தையோ இடது பெருவிரல் அடையாளத்தையோ பதிவுசெய்துவிடலாம். காலமெல்லாம் கொழுந்து கிள்ளிய விரலில் ரேகை தேய்ந்திருக்கும். மை அதிகமானால் கறுப்புப் பொட்டாக விழும். கையை வெந்நீரில் கழுவித் துடைத்து, மையைக் கொஞ்சமாகத் தடவி, பக்கவாட்டில் உருட்டாமல் ஒரே அழுத்தாக வைக்கச் சொல்லுங்கள்.

இந்தியாவில் இதற்கு எழுதிவைத்த நடைமுறை இருக்கிறது. எழுந்து வர முடியாத நோயாளி கைவிரல் அடையாளமோ, கை இல்லாவிட்டால் கால்விரல் அடையாளமோ வைக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சுயாதீனச் சாட்சிகள் அதை உறுதிப்படுத்தவேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. 2017 நவம்பரில், 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து அடிப்படை வங்கிச்சேவை கொடுக்க ஏற்பாடு செய்யுமாறும் அது வங்கிகளுக்குச் சொன்னது. நம் மலையகத்தில் கிளைக்குக் கிளை, முகாமையாளருக்கு முகாமையாளர் பதில் மாறுகிறது. எங்கள் காலத்திலும் மாறியது. ஒரு டிவிசனுக்கு மாதம் ஒருநாள் ஓர் அதிகாரி போய்வந்தாலே பெரும்பாலான படிவங்கள் முடிந்துவிடும் என்பது நான் வேலையில் இருந்தபோதே வந்த முடிவு.

அதிகாரம் கொடுத்த பிறகு கண்காணிப்பு இருக்கவேண்டும். இயக்குபவர் ஒருவர், பார்ப்பவர் இன்னொருவர். இளைய மகள் காசு எடுக்கட்டும். அம்மா சம்மதித்தால், ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் வரும் குறுஞ்செய்தி கொழும்பிலுள்ள அண்ணனின் தொலைபேசிக்கு வரட்டும். இளையவள் ஒரு கொப்பியில் திகதி, எடுத்த தொகை, செலவான விதம் என்று எழுதி, மாதம் ஒருதடவை அம்மாவுக்கு வாசித்துக்காட்டட்டும். அம்மாவைப் பராமரிப்பதில் அவள் படும் பாட்டுக்கு ஒரு தொகை கொடுப்பது நியாயம்தான். ஆனால் அது எவ்வளவு என்பதை அம்மா சொல்லி, மூன்று பிள்ளைகளும் தெரிந்துகொண்டு, அதையும் கொப்பியில் எழுதட்டும். மறைத்து எடுக்கும் நூறு ரூபாவால் வரும் சண்டை, சொல்லி எடுக்கும் ஐயாயிரத்தால் வராது.

இப்போது தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டும். அம்மாவுக்குப் புத்தி தெளிவு இல்லாமற்போன பிறகு அவரால் அதிகாரம் கொடுக்க முடியாது. முன்பு கொடுத்த சாதாரண அதிகாரக் கடிதமும் அற்றோணியும்கூட அந்த நிலையில் நிற்காது. கொடுத்தவரின் சம்மதத்தில்தான் அவை உயிரோடு இருந்தன. இங்கிலாந்தில் 2005 ஆம் ஆண்டின் சட்டத்தால், புத்தி மங்கிய பிறகும் நிலைக்கும் ஒருவகை அற்றோணி உண்டு. அங்கே இருக்கும் உறவினர் அதைக் கேட்டு எழுதச் சொன்னால், இலங்கையில் எழுதும் அற்றோணி அப்படி வேலை செய்யும் என்று நம்பிவிடாதீர்கள். நம் நாட்டில் அப்போது இருக்கும் வழி நீதிமன்றம். 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி உறவினர் மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். நீதிமன்றம் விசாரித்து, அவருடைய சொத்தைப் பார்க்க ஒரு முகாமையாளரை நியமிக்கும். சட்டத்தரணி, வைத்தியச் சாட்சி, தவணைகள் என்று அது நீளும். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். மாதம் இருபதாயிரம் எடுப்பதற்காக ஒரு குடும்பம் இந்தப் பாதையில் போவது எவ்வளவு பாரம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

அம்மா இறக்கும் அன்றே எல்லா அதிகாரமும் முடிந்துவிடும். அன்று காலை வரை செல்லுபடியான கடிதம் மாலையில் செல்லாது. வங்கிக்கு அறிவித்து, பின்னுரித்தாளி வழியாகவோ வாரிசுகள் வழியாகவோ காசைப் பெறவேண்டும். ஆகவே மரணச் செலவுக்கு என்று ஒரு தொகையை அம்மாவின் சம்மதத்தோடு வேறு இடத்தில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பின்னுரித்தாளி பெயர் இன்னும் இறந்துபோன அப்பாவின் பெயராகவே இருக்கிறதா என்பதையும் அதிகாரி வரும் அதே நாளில் பார்த்து மாற்றிவிடுங்கள்.

கிளை காரணம் சொல்லாமல் மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். முதலில் அந்த வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். பதில் இல்லாவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் சொல்லலாம், தமிழில் பேசலாம். பிள்ளையே அம்மாவின் காசைப் பறிக்கிறார் என்றால் அது வேறு முறைப்பாடு. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், பிரதேச செயலகத்திலுள்ள முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் அம்மாவே முறையிடலாம். பக்கத்துக் காம்பராக்காரர் அவருக்காகப் போய்ச் சொல்வதிலும் தவறில்லை. அதிகாரத்தை நிறுத்த அம்மா விரும்பினால் ஒரு கடிதமும் ஒரு கைநாட்டும் போதும். அதை வங்கிக்குக் கொண்டுசேர்க்க, அதிகாரம் பெற்றவர் அல்லாத ஒருவர் வேண்டும்.

எல்லோருக்கும் சொல்வதற்கு ஒரு வேண்டுகோள் மிச்சமிருக்கிறது. நீங்கள் ஊருக்கு வருவது தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும்தான். அந்த நாட்களில் வங்கி மூடியிருக்கும். இந்தத் தடவை இரண்டு வேலை நாள் முந்தி வாருங்கள். ஒரு நாள் கிளை முகாமையாளரைப் பாருங்கள், ஒரு நாள் கிராம உத்தியோகத்தரைப் பாருங்கள். அதற்கும் முன்னால், அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க காசை யார் எடுத்துத் தரணும்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்லும் பெயரை நீங்கள் எதிர்பார்த்திருக்கமாட்டீர்கள் என்றாலும், படிவத்தில் அந்தப் பெயரையே எழுதுங்கள்.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு வங்கி உத்தியோகத்தர்